‘சும்மா’ என்ற பெட்டி

அந்தப் பெட்டிக்குச் ‘சும்மா’ என்று பெயர் வைத்தவன் சிஜோ.

பெட்டி என்றால் கணினியில் மெயில்களைப் பிரித்துப் போடும் பெட்டி. நாகர்கோவில் வடசேரியில், ஒரு டிராவல்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்த அலுவலகம். ஓட்டல், கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், ரப்பர் நாற்றுப்பண்ணை என்று முப்பது சொச்சம் பேருக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுப்பது வேலை. முதலாளி சத்தியநேசன். விளம்பரக் கணக்குகளைப் பார்ப்பவள் ரெஜிஷா. வெப்சைட்டுகளைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் சிஜோ.

விளம்பரத்தைத் தட்டி உள்ளே வருகிறவர் படிவத்தை நிரப்பி அனுப்பினால் அதைக் கன்வெர்ஷன் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெஜிஷா கீழே சாயாக்கடையில் நின்று போனில், “சார், இன்னைக்கு கன்வெர்ஷன் ஒண்ணுமே இல்ல” என்று சத்தமாகச் சொன்னாள். பெஞ்சில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மதம் மாற்றும் சபை ஊழியராக்கும் என்று நினைத்திருக்கலாம். அன்றிலிருந்து அலுவலகத்தில் அந்த வார்த்தை கிடையாது. விசாரணை என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு எத்தனை விசாரணை, நேற்று எத்தனை.

ஒரு கணக்கில் ஒரு நாள் முழுக்க விசாரணை வராமல் போனால் மறுநாள் காலை ஒரு மெயில் வரும். ஒரு நாள் செலவு பட்ஜெட்டைத் தாண்டினாலும் மெயில் வரும். இரண்டையும் சிஜோதான் அமைத்தான். அமைத்த வாரம் பெருமையாக இருந்தது.

பிறகு தொல்லை ஆயிற்று. விளம்பரத்தை இணையத்தில் காட்டும் பெரிய கம்பெனியே, ஒரு நாள் பட்ஜெட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வரை செலவழித்துவிட்டு, அடுத்த நாட்களில் குறைத்துச் சரிக்கட்டும். அது அதன் வழக்கம். ஆனால் பட்ஜெட்டை ஒரு ரூபாய் தாண்டினாலும் மெயில் வந்தது. நாற்றுப்பண்ணைக்கு வாரத்துக்கு ஒரு விசாரணை வந்தாலே அதிகம். அதற்கு வாரத்தில் ஆறு நாளும் ‘விசாரணை இல்லை’ என்று மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். திங்கள் காலை மெயில் குவிந்து கிடக்கும்.

அந்த நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். ஊரே ஏடிஎம் வரிசையில் நின்றது. எல்லாக் கணக்கும் படுத்தது. மெயில் மழையாகக் கொட்டியது.

“ஏட்டி ரெஜிஷா, இது என்ன இழவு? காலையில வாட்ச்மேன் குட் மார்னிங் சொல்லுகது மாதிரி இது சொல்லிட்டே கிடக்கு” என்றான் சிஜோ.

“நிறுத்திரலாமா?”

“நிறுத்தினா சார் கேப்பாரு. ஒரு ஓரமா போட்டுரலாம்.”

அவன் ஒரு பெட்டியைத் திறந்தான். எச்சரிக்கை மெயில் எது வந்தாலும் நேரே அதற்குள் போகும்படி வைத்தான். பெயர் கேட்டது கணினி. சும்மா என்று அடித்தான். ரெஜிஷா சிரித்தாள். அவளுடைய கணினியிலும் அதையே செய்துகொண்டாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் திறக்காத மெயில்களின் எண்ணிக்கை தடித்த எழுத்தில் ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நாளில் அதுவும் கண்ணில் படாமல் போயிற்று.

*

எலிசாவின் கணக்கு பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று விசாரணை.

எலிசா குவைத்தில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவள். திரும்பி வந்து தேங்காய்ப்பட்டணத்தில் வீட்டின் முன்னறையை அலுவலகமாக்கி, வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் தொழில் தொடங்கினாள். அந்தக் கரையில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். பெற்ற அம்மை படுத்துவிட்டால் மகன் அங்கிருந்து இணையத்தில் தேடுவான். எலிசாவின் விளம்பரம் வரும். படிவத்தை நிரப்பினால் எலிசா கூப்பிட்டுப் பேசி, ஆள் அனுப்புவாள். உள்ளூர்க்காரர்கள் படிவம் நிரப்புவதில்லை. போர்டில் இருக்கும் எண்ணுக்கு நேரே கூப்பிடுவார்கள். பதினான்கு பெண்கள் அவளிடம் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய வெள்ளைச் சட்டைகள் எப்போதும் முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

பிப்ரவரி கடைசியில் எலிசா ரெஜிஷாவைக் கூப்பிட்டாள்.

“மக்கா, ஃபார்ம்ல நம்பரெல்லாம் தப்பும் தவறுமா வருது. ஒருத்தன் ஒன்பது எண்ணு போட்டிருக்கான். நான் யாரைக் கூப்பிடுகது? அம்மைக்கு முடியல்ல, உடனே வேணும்னு எழுதியிருக்கான் பாவம். பத்து எண்ணு இல்லாம வந்தா எடுக்காதபடி செய்ய முடியுமா?”

“சிஜோகிட்ட சொல்லுகேன் அக்கா.”

சிஜோவுக்கு அது சின்ன வேலை. இந்தியக் கைபேசி எண்ணைச் சரிபார்க்கும் ஒரு வரி இணையத்தில் கிடைத்தது. ஒன்பதிலோ எட்டிலோ ஏழிலோ தொடங்க வேண்டும், பத்து இலக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘சரியான எண்ணைத் தரவும்’ என்று சிவப்பில் வரும். படிவம் போகாது. அந்தத் திங்கட்கிழமை மாலை அதைச் சேர்த்தான். தன் எண்ணைப் போட்டு அனுப்பிப் பார்த்தான். போயிற்று. ஒன்பது இலக்கம் போட்டுப் பார்த்தான். சிவப்பில் தடுத்தது. ரெஜிஷாவும் தன் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். நன்றி என்ற பக்கம் வந்தது.

“எப்படி?” என்றான் சிஜோ.

“கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள்.

அவள் அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். சிஜோவின் அப்பா துபாயில் இருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எலிசாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று பேருக்குமே அந்த ஊர்களின் எண்கள் நினைவுக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து விசாரணை நின்றது. எலிசாவின் போன் வழக்கம்போல உள்ளூர் ஆட்களுக்காக அடித்துக்கொண்டிருந்தது. புதன் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது, ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று எலிசா நினைத்தாள். விளம்பரங்கள் ஓடின. ஆட்கள் தட்டி உள்ளே வந்தார்கள். தட்டுவதற்குக் காசு போயிற்று. ஒவ்வொரு காலையும் ஒரு மெயில் வந்து ‘சும்மா’வுக்குள் விழுந்தது.

*

அடுத்த வாரம் நடுவில் ஒரு பகல் எலிசா கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

“மக்கா, நீ இங்க ஒண்ணு வரணும். இப்பமே.”

“என்ன அக்கா?”

“வா.”

பஸ்ஸில் போகும்போது ரெஜிஷா விளம்பரச் செலவு எகிறிவிட்டதோ என்று நினைத்தாள். போனிலேயே கணக்கைத் திறந்து பார்த்தாள். செலவு சரியாக இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் விசாரணை என்ற இடத்தில் வரிசையாகப் பூஜ்யம். கருங்கல் ஸ்டாப் தாண்டியதும் அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

எலிசாவின் முன்னறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மொட்டை அடித்திருந்தான். வெயில் படாத தலை வெளுத்திருந்தது. முன்னால் வைத்த சாயா ஆறி ஆடை கட்டியிருந்தது.

“இது சகாயம். குவைத்துல. அந்தக் குருசடிக்குப் பின்னால கிளாராம்மைக்க மகன்” என்றாள் எலிசா. “நீயே சொல்லு மக்கா.”

அவன் ரெஜிஷாவைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அம்மைக்கு இடுப்பு ஆபரேசன். வியாழக்கிழமை வீட்டுக்கு விடுவோம்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. செவ்வாக்கிழமையே இவியளுக்க ஃபார்ம் போட்டேன். நம்பர் தப்புன்னு வந்துது. திரும்பப் போட்டேன். குவைத் கோடு தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு சேத்துப் போட்டேன். சேக்காம போட்டேன். தப்புன்னே சொல்லுகு.”

“போன்...” என்று ரெஜிஷா ஆரம்பித்தாள்.

“டூட்டி விடும்போ இங்க பத்தரை. யாரு எடுப்பா? வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கும் போட்டேன். நெட் கால் பண்ணிப் பாத்தேன், கிட்டல்ல.”

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“பக்கத்து வீட்டக்கா பகல்ல பாத்துக்கிட்டாவ. ராத்திரி அவியளுக்கும் வீடு இருக்குல்லா. சனிக்கிழமை ராத்திரி அம்மை தானா எழும்பியிருக்கு. பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்துது. காலையில பூசைக்குக் கூப்பிட வந்தவியதான் பாத்தாவ.”

வெளியே ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“நான் சண்டைக்கு வரல்ல” என்றான் சகாயம். “எனக்கு இது மட்டும் தெரியணும். நாலு வருசமா எனக்க நம்பர் அது. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அதை ஏன் தப்புன்னு சொல்லிச்சு?”

ரெஜிஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. குவைத் எண்ணுக்கு எட்டு இலக்கம். அவள் வாயைத் திறப்பதற்குள் எலிசா சொன்னாள்.

“நானாக்கும் மக்கா. பத்து எண்ணு இல்லாம எடுக்காதேன்னு நான்தான் பறஞ்சேன். பதினோரு வருசம் அந்த எட்டு நம்பர்ல இருந்துதான் எனக்க பிள்ளையகிட்டப் பேசினேன். எனக்குத் தோணல்ல.”

சகாயம் தலையை ஆட்டினான். காரணம் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவன்போல எழுந்து நின்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு, “சாயாவைக் குடிக்கல்ல, ஒண்ணும் நினைக்காதிய” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எலிசா அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. பைப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

*

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ரெஜிஷா ‘சும்மா’வைத் திறந்தாள். எலிசாவின் பெயரைப் போட்டுத் தேடினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஒன்று. ‘நேற்று விசாரணை: 0.’ அவற்றுக்கு மேலும் கீழும் நாற்றுப்பண்ணையும் டியூஷன் சென்டரும் கல்யாண மண்டபமும் அதே எழுத்தில், அதே அளவில்.

சிஜோ பின்னால் வந்து நின்றான். படித்தான். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தில் இருந்த அந்த ஒரு வரியை எடுத்தான். வெளிநாட்டு எண்ணையும் வாங்கும்படி மாற்றினான். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

சத்தியநேசன் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர்.

“நமக்கு மெயில் வந்தது எலிசாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். பத்து எண்ணு சொன்னதுனால வந்த வினைன்னு நினைச்சிட்டிருக்காங்க.”

“கேட்டா சொல்லலாம். கேக்காம நாமளா போயி ஏன் சொல்லணும்? சொன்னா இறந்துபோன அந்த அம்மா திரும்ப வந்திருவாங்களா?”

அவர் கண்ணாடியை மேஜையில் வைத்தார்.

“சரி, ஒண்ணு செய்யி. இனி எல்லா அலர்ட்டும் எஸ்எம்எஸ்ஸா வரட்டும். எனக்கு, உனக்கு, சிஜோவுக்கு. ஒண்ணுகூட விடக்கூடாது.”

“அப்பம் பத்து நாள்ல போனுக்குள்ளயும் ஒரு சும்மா வந்திரும் சார்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“மெயில் வராததுனால இது நடக்கல்ல” என்றாள். “வந்துட்டே இருந்ததுனாலயாக்கும் நடந்துது. கூட்டக்கூடாது சார், குறைக்கணும். வந்தா எழும்பிப் போய்ப் பாக்கணும். அந்த அளவுக்குக் குறைக்கணும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “செய்” என்றார்.

செலவு எச்சரிக்கை சுலபமாக முடிந்தது. பட்ஜெட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வரை போவது கம்பெனியின் வழக்கம். அதற்கு வாய் திறக்க வேண்டாம். அதையும் தாண்டினால் யாரோ பட்ஜெட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருமுறை ஒரு ஓட்டலுக்கு ஒரு பூஜ்யம் கூடிப்போயிருந்தது. அப்படிப்பட்டதற்குத்தான் மணி அடிக்க வேண்டும். மற்றபடி மாதக் கணக்கு போகிற வேகத்தைப் பார்த்தால் போதும்.

பூஜ்யம்தான் கஷ்டம். எல்லாப் பூஜ்யமும் ஒன்றில்லை.

“நாற்றுப்பண்ணைக்கு ஒரு நாள் பூஜ்யம்னா அது செய்தியே இல்ல” என்றாள் சிஜோவிடம். “எலிசாக்காவுக்கு ரெண்டு நாள் பூஜ்யம்னா செய்தி. அப்பம் நாளை எண்ணக்கூடாது. வந்திருக்க வேண்டிய விசாரணையை எண்ணணும்.”

“புரியல்ல.”

“இத்தனை பேரு தட்டினா இத்தனை விசாரணை வரும்னு பழைய கணக்குல இருக்குல்லா? அதை வச்சு, கடைசி விசாரணைக்குப் பிறகு எத்தனை வந்திருக்கணும்னு கூட்டிட்டே போவணும். மூணு வந்திருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் வரல்ல. தற்செயலா அப்படி ஆகுகது இருபதுல ஒரு தடவை. அஞ்சு வந்திருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் வரல்லன்னா, நூத்தம்பதுல ஒரு தடவை.”

“மூணுக்கு அடிச்சா?”

“முப்பது கணக்குக்கு, ரெண்டு நாளைக்கு ஒருக்க சும்மா அடிக்கும்.”

அந்த வார்த்தை வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“மூணுன்னா காலையில வர்ற ஒரே மெயில்ல ஒரு வரி” என்றாள் பிறகு. “அஞ்சுன்னா போன். ஒரே ஒரு போன். இந்த வாரம் யாருக்கு முறையோ அவங்க பையில. போய்ப் பாத்து, என்ன பாத்தேன்னு எழுதி, பேரு போடுகது வரைக்கும் அது மணிக்கொருக்க அடிக்கும்.”

“ஞாயிற்றுக்கிழமை?”

“ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கு. அன்னைக்கு வர்றது குறைவுதான, எதிர்பார்ப்பும் குறையும். தனியா வாயைக் கட்ட வேண்டாம்.”

சிஜோ எழுதினான். எழுதி முடிக்க ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் அவன் ஒரு பகிடியும் பேசவில்லை. அலுவலகத்தில் கிடந்த பழைய பட்டன் போன் ஒன்றைத் துடைத்து, சிம் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

புதிய அளவுகள் சரியா என்று பார்க்கப் பழைய கணக்கின் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த அளவு அன்றைக்கே இருந்திருந்தால் எந்தெந்த நாள் மணி அடித்திருக்கும் என்று கணினி சொல்லும். அடிக்க வேண்டாத இடத்தில் எத்தனை தடவை அடிக்கிறது, அடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறதா என்று பார்ப்பதற்கு வேறு வழி இல்லை. ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஜிஷா ஓட்டினாள். நான்கு மாதம். முப்பது சொச்சம் கணக்கு. பழைய ஏற்பாட்டில் ‘சும்மா’வுக்குள் விழுந்தவை ஆயிரக்கணக்கில். புதிய அளவில் போன் அடித்திருக்கக்கூடியது பத்தொன்பது தடவை. அதில் பாதிக்கு மேல் அந்த நவம்பரில்.

அவள் பட்டியலில் கீழே இறங்கினாள். எலிசாவின் பெயருக்கு நேரே ஒரே ஒரு தேதி.

சாம்பல் புதனுக்கு மறுநாள். வியாழன், காலை ஏழு மணி.

செவ்வாயும் புதனும் சேர்ந்து ஐந்து விசாரணை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வியாழன் காலை போன் அடித்திருக்கும். அவள் எழுந்து போய்ப் படிவத்தைப் பார்த்திருப்பாள். திங்கள் மாலை என்ன மாற்றினோம் என்று சிஜோவைக் கேட்டிருப்பாள். வியாழன் மத்தியானத்துக்குள் சரியாகியிருக்கும். வெள்ளிக்கிழமை சகாயத்துக்கு லீவு. அவன் கடைசித் தடவையாகப் போட்ட படிவம் போயிருக்கும். எலிசா அன்றைக்கே ஒருத்தியை அனுப்பியிருப்பாள். சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் பாயில் படுத்திருப்பாள். இருட்டில் கிளாராம்மை எழும்பும் சத்தம் கேட்டு, இருங்கோ அம்மா, நான் பிடிக்கேன் என்று சொல்லியிருப்பாள்.

அளவு சரி. அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கிறது.

“ஓடிச்சா?” என்று சிஜோ கேட்டான்.

“ஓடிச்சு.”

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு” என்றாள். திரையை அவன் பக்கம் திருப்பவில்லை.

*

சத்தியநேசனிடம் கேட்காமல்தான் போனாள். தேங்காய்ப்பட்டணத்துக்கு அன்று பஸ் சீக்கிரம் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருக்கலாம் என்று தோன்றியது.

எலிசா மெலிந்திருந்தாள். முற்றத்துக் கொடியில் நாலைந்து சட்டைகள்தான் காய்ந்தன. முன்னறையில் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துவர்த்துத் துண்டு போர்த்தியிருந்தது.

“வா மக்கா. வெயில்ல வந்திருக்க. வெள்ளம் குடி.”

ரெஜிஷா குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அக்கா, பத்து எண்ணுன்னு நீங்க சொன்னது மட்டும் இல்ல. அது தப்பானது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியிறதுக்கு மெயில் வந்துது. தினமும் வந்துது. நாங்க பாக்கல்ல.”

எலிசா காலிக் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அந்த மெயில் நிறைய வரும். எல்லாம் ஒண்ணும் இல்லாததுக்கு வரும். அதனால ஒரு பெட்டியில போட்டோம். அதுக்குச் சும்மான்னு பேரு வச்சோம்.” அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். “இப்பம் மாத்தியாச்சு. பழைய கணக்குல ஓட்டிப் பாத்தேன். இப்பம் இருக்கது மாதிரி அன்னைக்கு இருந்திருந்தா வியாழக்கிழமை காலையில தெரிஞ்சிருக்கும்.”

“வியாழக்கிழமையா?”

“ஆமா அக்கா.”

“அவன் வெள்ளிக்கிழமையும் போட்டானே.”

“ஆமா.”

எலிசா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். அதன் கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“குவைத்துல ஐசியுல இருந்தேன்” என்றாள். “எப்பமும் ஒரு மெஷின் கீ கீன்னு கத்திட்டே கிடக்கும். விரல்ல மாட்டினது கழண்டிருந்தாலும் கத்தும், மூச்சு நின்னாலும் கத்தும். புதுசா வாற பிள்ளைய ஓடும். பழைய ஆளு எழும்பாது. எவளாவது சத்தத்தைக் குறைச்சு வச்சா எங்க சிஸ்டர் கிடந்து ஏசுவாவ. நானும் குறைச்சு வச்சிருக்கேன் மக்கா. எல்லாரும் வச்சிருக்கோம்.” நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “அங்க ஒண்ணும் ஆகல்ல. தெய்வாதீனம்” என்றாள்.

“உங்கமேல மட்டும் போட்டுக்காதிய அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“சொன்னது நல்லது. எனக்கு மட்டும்னு நினைச்சிட்டிருந்தேன்.” அவள் ரெஜிஷாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “ஆனா பங்கு வச்சதுனால குறையல்ல மக்கா. ஒனக்கும் அவ்வளவு, எனக்கும் அவ்வளவு. இல்லியா?”

ரெஜிஷா ஆமாம் என்று தலையாட்டினாள்.

கிளம்பும்போது எலிசா வாசல் வரை வந்தாள். “விளம்பரத்தை நிறுத்திரு” என்றாள். “பிள்ளையள ஒவ்வொருத்தியா வேற இடம் பாத்து விட்டுட்டு இருக்கேன். ஈஸ்டருக்குள்ள முடிஞ்சிரும். போன் அடிச்சா எடுக்க முடியல்ல எனக்கு. அடிக்காம இருந்தாலும் இருக்க முடியல்ல.”

*

அந்தப் போன் நன்றாக வேலை செய்தது. மாதத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை அடிக்கும். அடித்தால் சிஜோ சாயாவை வைத்துவிட்டு எழுவான். ஒருமுறை டியூஷன் சென்டரின் நன்றிப் பக்கம் காணாமல் போயிருந்தது. அரை நாளில் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை நாற்றுப்பண்ணை. ஒரு மாதத்துக்கு மேல் விசாரணை இல்லை. அப்போதுதான் அதற்கு அடித்தது. போய்ப் பார்த்தால் விளம்பரம் வேறு ஏதோ பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சத்தியநேசன் வேறு வாடிக்கையாளர்களிடம் அதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ‘சும்மா’ பெட்டியை சிஜோ அழித்துவிட்டான். உள்ளே இருந்தவற்றையும் சேர்த்து.

எலிசாவின் கணக்கைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லி சத்தியநேசன் இரண்டு தடவை சொன்னார். ரெஜிஷா எடுக்கவில்லை. எடுக்காததால் ஒரு கேடும் இல்லை. விளம்பரம் ஓடாத கணக்கில் யாரும் தட்டுவதில்லை. தட்டாத இடத்தில் வரவேண்டிய விசாரணை என்று ஒன்று இல்லை. கூட்டினால் பூஜ்யம்தான். அது ஒருநாளும் மூன்றைத் தொடாது, ஐந்தைத் தொடாது. அந்தப் பெயருக்கு இனி மணி அடிக்காது. அவள்தான் அப்படி எழுதச் சொன்னாள். அது சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

ஈஸ்டர் கழிந்து ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் போன் அவளுடைய முறை. காலை ஏழு மணிக்கு வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மார்க்கெட்டில் வாழைத்தார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பையில் இருந்து பட்டன் போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. உள்ளே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து எலிசாவைக் கூப்பிட்டாள்.

வெகுநேரம் அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எலிசா எடுத்தாள்.

“என்ன மக்கா? ஏதும் மெயில் வந்துதா?”

“இல்ல அக்கா.”

“பின்ன?”

“சும்மாதான்.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. ரெஜிஷா காதிலிருந்து போனை எடுக்காமல் வாழைத்தார்களுக்கு நடுவே நின்றாள்.

“வியாழக்கிழமைல்லா இன்னைக்கு” என்றாள் எலிசா.

“ஆமா அக்கா” என்றாள் ரெஜிஷா.